3 நாள் ஒர்க்‌ஷாப் அஜெண்டா, அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க

காவிரிக்கரை | அக். 9, 2025, இரவு 10.40

எங்க காலேஜ்ல அக்டோபர் 29, 30, 31 மூணு நாள், புதன் வியாழன் வெள்ளி, ஆராய்ச்சி மாணவர்களுக்கு கம்ப்யூட்டர் பயிற்சி வைக்கிறோம். யூனிக்ஸ் ஷெல், பைத்தான், கிட். 40 பேர், பாதிப் பேர் வெளிக் காலேஜ். முதல் தடவயா கோஆர்டினேட்டர் நான்தான். நாளைக்கு எல்லாருக்கும் மெயில்ல அஜெண்டா போகணும். முதல் நாள் மட்டும் கீழ போட்டிருக்கேன், எங்க இடிக்குதுன்னு சொல்லுங்க.

9.00 – 9.30 பதிவு
9.30 – 10.00 தொடக்க விழா
10.00 – 10.45 சாஃப்ட்வேர் இன்ஸ்டலேஷன்
10.45 – 11.00 டீ
11.00 – 1.00 ஷெல்
1.00 – 1.45 சாப்பாடு
1.45 – 2.30 ஷெல் மீதி
2.30 – 3.15 ஜெர்மனியிலேந்து ஒரு பேராசிரியை ஆன்லைன்ல பேசுறாங்க (வெளியாட்களும் லிங்க்ல சேரலாம்)
3.15 – 4.30 கிட்

ரெண்டாம் நாள் முழுக்க பைத்தான். மூணாம் நாள் கிட் மீதி, சின்ன ப்ராஜெக்ட், 3.30க்கு நிறைவு விழா.

லேப்_அண்ணன் | அக். 9, இரவு 11.15

மேடம், 10.00 – 10.45 இன்ஸ்டலேஷன்னு போட்டிருக்கீங்களே, அத அழிச்சிடுங்க. நான் வேற ஒரு காலேஜ்ல லேப் பாத்துக்கறேன், இத 6 தடவ பாத்திருக்கேன். பைத்தானுக்குப் போடுற அனகோண்டா ஃபைல் ஒரு ஜிபி பக்கம் வரும். 40 பேரு ஒரே நேரத்துல எறக்குனா 40 ஜிபி. 45 நிமிஷத்துல அது எறங்கணும்னா உங்க ஒரு லேபுக்கு மட்டும் விடாம 120 எம்பிபிஎஸ் வேகம் வரணும். உங்க லைன் 100தான்னு வைங்க, அதுலயும் ஆபீஸ், ஹாஸ்டல் எல்லாம் பங்கு போடும். அதனால 10.45க்கு பாதிப் பேருக்கு டவுன்லோடே முடிஞ்சிருக்காது, முடிஞ்சவன் சும்மா உக்காந்து போன் பாப்பான், நீங்க 11 மணிக்கு ஆரம்பிக்கவும் முடியாது நிறுத்தவும் முடியாது.

இன்ஸ்டலேஷன் அஜெண்டாவுக்கு முன்னாடியே நடக்க வேண்டிய வேல. மெயில்லயே லிங்க் குடுங்க, 25ம் தேதிக்குள்ள முடிச்சிட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்க. "இன்ஸ்டால் பண்ணிட்டீங்களா"ன்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. இந்த ரெண்டு வரிய அடிச்சு என்ன வருதுன்னு காட்டச் சொல்லுங்க:

```
git --version
python --version
```

முடியாதவங்களுக்கு முதல் நாள் காலைல 8.30க்கே லேபத் தொறந்து வைங்க. 4, 5 பென்டிரைவ்ல ஃபைலப் போட்டு வச்சுக்குங்க.

தேரடித்தெரு | அக். 10, காலை 7.05

இவ்ளோ விவரம் எதுக்குங்க? யாரும் படிக்க மாட்டாங்க. "காலை 9.30 முதல் மாலை 4.30 வரை, மதிய உணவு உண்டு"ன்னு ஒரே வரி போதும். உள்ள எது எப்ப எடுக்குறீங்கங்கறது நடத்துறவங்க பாடு. நிமிஷக் கணக்கு போட்டு அனுப்பிட்டு அப்புறம் அது நடக்கலன்னா நமக்குத்தான் கெட்ட பேரு. நான் 20 வருஷமா பயிற்சி நடத்துறேன், அப்படித்தான் அனுப்புறேன்.

பழைய மாணவி | அக். 10, காலை 9.30

தேரடித்தெரு சார், நான் படிப்பேன் சார். ஒவ்வொரு வரியும் படிப்பேன்.

போன வருஷம் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு காரைக்குடிலேந்து போனேன். குழந்தைக்கு அப்ப 8 மாசம், அம்மாவையும் கூட்டிக்கிட்டு போயி கேம்பஸ்லயே ஒரு ரூம் எடுத்திருந்தேன். 11 மணிக்கு டீன்னு போட்டிருந்தாங்க, அந்தக் கணக்குலதான் பால் குடுத்துட்டு வந்தேன். தொடக்க விழா 9.30ன்னு போட்டது 10.50க்கு முடிஞ்சுது, டீய 12க்குத் தள்ளிட்டாங்க, யாரும் சொல்லல. நான் நடுவுல எழுந்து போனேன், திரும்பி வந்தப்ப எல்லாரும் வேற டைரக்டரில இருந்தாங்க, எனக்கு அன்னிக்கு முழுக்க ஒட்டவே இல்ல. கடைசி நாள் 4 மணிக்கு முடியும்னு பஸ்ஸுக்குச் சொல்லி வச்சிருந்தேன், சர்டிபிகேட் 5.30க்குத்தான் குடுத்தாங்க, வாங்காமலே வந்துட்டேன்.

பாடம் எந்த நிமிஷம் தொடங்குதுங்கறது எனக்கு அவ்வளவு முக்கியம் இல்ல. காலைல உண்மையாவே எப்ப ஆரம்பிக்கும், டீ எப்ப, சாப்பாடு எப்ப, எப்ப விடுவீங்க, இந்த 4 நேரம் போட்டபடி நடக்கணும். மத்தத நீங்க எப்படி வேணாலும் மாத்திக்குங்க.

காவிரிக்கரை | அக். 10, மதியம் 1.20

படிச்சிட்டு ரொம்ப நேரம் யோசிச்சேன்மா. எங்க தொடக்க விழா அரை மணில முடியாதுங்கறது எனக்கே தெரியும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, முதல்வர் உரை, சிறப்பு விருந்தினர் உரை, நினைவுப் பரிசு, நன்றியுரை. ஒண்ணொண்ணும் 5 நிமிஷம்னு வச்சாலே 40 ஆச்சு, விருந்தினர் லேட்டா வந்தா அவ்வளவுதான். ஆனா விழா வேண்டாம்னு நான் எப்படிச் சொல்றது? இன்னிக்கு அனுப்பலாம்னு இருந்தத நிறுத்தி வச்சிருக்கேன்.

லேப்_அண்ணன் | அக். 10, இரவு 9.50

விழா வேண்டாம்னு சொல்லாதீங்க, இடத்த மாத்துங்க. காலைல 9.15க்கு பாடத்த ஆரம்பிச்சிடுங்க. விழாவ 12 மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னாடி வைங்க. விருந்தினர் வர்ற வரைக்கும் க்ளாஸ் ஓடிக்கிட்டு இருக்கும், அவர் வந்ததும் நிறுத்தி விழா. காலைல வச்சா 40 பேரும் அவருக்காகக் காத்திருக்கணும், மதியம் வச்சா யாரும் காத்திருக்க வேண்டியதில்ல. முதல்வர்கிட்ட "மாணவர்கள் வேலை செய்யும்போது விருந்தினர் நேர்ல பாக்கலாம், ஃபோட்டோ நல்லா வரும்"னு சொல்லிப் பாருங்க. எங்க காலேஜ்ல அதுக்கு ஒத்துக்கிட்டாங்க.

இன்னொண்ணு, ஷெல் 11லேந்து 1 வரைக்கும் 2 மணி நேரம் ஒரே மூச்சா வேண்டாம். நீங்க அடிக்க அடிக்க அவங்களும் கூடவே அடிக்கிற வகுப்பு இது, கேட்டுட்டு மட்டும் உக்கார்றது இல்ல. 75 நிமிஷத்துக்கு மேல போனா தப்பா அடிக்க ஆரம்பிப்பாங்க, ஒருத்தர் எரர திருத்தறதுக்குள்ள நீங்க 3 கமாண்ட் தாண்டிப் போயிருப்பீங்க. ஆராய்ச்சி பண்றவங்களுக்கு இதே மாதிரி கம்ப்யூட்டர் பயிற்சி நடத்துற சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி ஆளுங்க ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு கலர்ல ஒட்டுற சீட்டு குடுப்பாங்க, முடிச்சவங்க ஒரு கலரு, மாட்டிக்கிட்டவங்க இன்னொரு கலரு லேப்டாப் மேல ஒட்டணும். அத வாங்கி வைங்க, அறைல பாதி 'மாட்டிக்கிட்டேன்' கலரா இருந்தா அஜெண்டா என்ன சொன்னாலும் நிறுத்துங்க.

அவங்க பாடப் பக்கத்துலயே ஒவ்வொரு பகுதிக்கும் சொல்லித் தர எத்தன நிமிஷம், பயிற்சிக்கு எத்தன நிமிஷம்னு போட்டிருக்கும். அத அப்படியே கூட்டி அஜெண்டால போடாதீங்க. எனக்கு ஒவ்வொரு தடவயும் அதுல ஒண்ணரை மடங்கு ஆச்சு.

வயல்வெளி | அக். 11, காலை 6.30

எங்க மகளிர் குழுவுக்கு காளான் வளர்ப்பு 2 நாள் பயிற்சி குடுத்தாங்க. பஸ் காசும் ஒரு நாளைக்கு சாப்பாட்டுப் படியும் உண்டுன்னாங்க, அந்தப் பேப்பர்ல அது இல்ல, கடைசில கேட்டா அலைய விட்டாங்க. நீங்க குடுப்பீங்களா மாட்டீங்களா? அத அஜெண்டாவுல போடுங்கம்மா.

காவிரிக்கரை | அக். 11, காலை 8.00

அக்கா, நான் கேட்டது நேரப் பட்டியல் பத்தி, ஆனா நீங்க சொல்றதும் சரிதான். நாங்க பயணப்படி தர்றதில்ல. சாப்பாடு, டீ மட்டும். அஜெண்டாவுக்கு மேலயே ஒரு வரில போட்டுடறேன், வந்தப்புறம் தெரிஞ்சு வருத்தப்பட வேண்டாம்.

முதல்வர் 12 மணி விழாவுக்கு ஒத்துக்கிட்டார். ஆனா "விருந்தினர ஒரு மணி நேரம் முன்னாடியே வரச் சொல்லு"ன்னார், சரின்னுட்டேன்.

ஸ்டுட்கார்ட்_பனி | அக். 11, மாலை 4.45

உங்கட பட்டியல்ல ஒண்டைக் கவனிச்சனான். ஜெர்மனி அம்மா 2.30க்கு எண்டு போட்டிருக்கிறியள். அவவோட எப்ப கதைச்சனீங்கள், அவ எந்த நேரத்தைச் சொன்னவ?

காவிரிக்கரை | அக். 11, மாலை 6.10

அக்டோபர் 3ம் தேதி மெயில்ல பேசினேன். "29ம் தேதி என் நேரம் காலை 11 மணிக்கு வசதி"ன்னாங்க. மூணரை மணி நேரம் கூட்டி 2.30ன்னு போட்டேன்.

ஸ்டுட்கார்ட்_பனி | அக். 11, மாலை 6.40

அதுதான் நான் நினைச்சது. இஞ்ச 26ந்தேதி ஞாயிற்றுக்கிழமை விடிய மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பினம். ஒவ்வொரு வருஷமும் அக்டோபர்ல வாற கடைசி ஞாயிறு அப்பிடித்தான். இப்ப வித்தியாசம் மூண்டரை, 26க்குப் பிறகு நாலரை. 29ந்தேதி அவவின்ர 11 மணி உங்களுக்குப் பின்னேரம் 3.30. நீங்கள் 40 பிள்ளையளை இருத்தி வைச்சுக்கொண்டு 2.30க்கு லிங்க்கைத் திறந்தா, அவ ஒரு மணித்தியாலம் கழிச்சுத்தான் வருவா. ரெண்டு பேரும் தங்கட தங்கட நேரத்துக்குச் சரியாத்தான் வந்திருப்பியள்.

தேரடித்தெரு | அக். 11, இரவு 8.20

இல்லீங்க, ஜெர்மனிக்கு மூணரை மணி நேரம்தான். என் தம்பி அங்கதான் இருக்கான், போன மாசம் கூட பேசினேன். நான் ராத்திரி 9க்குப் பண்ணா அவனுக்கு சாயங்காலம் 5.30. குழப்பாதீங்க.

ஸ்டுட்கார்ட்_பனி | அக். 11, இரவு 8.55

அண்ணை, போன மாசத்துக்கு நீங்கள் சொன்னது சரி. பொங்கலுக்கு எடுத்துப் பாருங்கோ, உங்கட 9 மணிக்கு அவருக்கு 4.30. இந்தியாவிலயும் இலங்கையிலயும் மணிக்கூட்டை மாத்திறேல்ல, அதால உங்களுக்குத் தெரியேல்ல. மாறுறது நாங்கள்தான்.

தேரடித்தெரு | அக். 11, இரவு 9.40

தம்பிகிட்ட இப்பத்தான் கேட்டேன். நீங்க சொன்னது சரி. நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்.

காவிரிக்கரை | அக். 12, மதியம் 12.15

மேடத்துக்கு எழுதினேன், உடனே பதில் வந்துடுச்சு. அவங்க காலண்டர்ல ஜெர்மனி 11 மணிதான் இருக்கு, 10 மணிக்கு அவங்களுக்கு வகுப்பு, முன்னாடி வர முடியாது. ஸ்டுட்கார்ட் மட்டும் கேக்கலன்னா அன்னிக்கு வெளியிலேந்து சேர்றவங்களும் ஒரு மணி நேரம் வெத்து ஸ்க்ரீனப் பாத்துட்டுப் போயிருப்பாங்க. ரொம்ப நன்றிங்க.

அதனால பேச்சு 3.30 – 4.15. கேள்விகள் அதுக்குள்ளயே. காலேஜ் பஸ் 4.30க்கு, அதுக்கு மேல இழுக்க முடியாது. முதல் நாள் கிட்டுக்கு இடமே இல்ல, மூணாம் நாளுக்குப் போயிடுச்சு.

லேப்_அண்ணன் | அக். 12, இரவு 10.05

வெளியாட்களுக்கு லிங்க் அனுப்பும்போது "ஐஎஸ்டி"ன்னு மட்டும் போடாதீங்க. இஸ்ரேல்காரங்களும் அயர்லாந்துகாரங்களும் அவங்க நேரத்துக்கு அதே மூணு எழுத்தத்தான் போடுவாங்க. "இந்திய நேரம் மாலை 3.30"ன்னு எழுதி, கூடவே ஒரு காலண்டர் ஃபைல் இணைச்சிடுங்க. அதுல நேரத்த உலகப் பொது நேரமான யூடிசில குடுத்தா அவங்கவங்க போனே மாத்திக் காட்டிடும். 3.30லேந்து அஞ்சரைய கழிச்சா 10.00:

```
DTSTART:20251029T100000Z
DTEND:20251029T104500Z
```

கடைசில இருக்கிற Z விட்டுப் போச்சுன்னா ஒவ்வொருத்தர் போனும் அவங்க ஊர் 10 மணின்னு எடுத்துக்கும். அனுப்பறதுக்கு முன்னாடி ஜெர்மனில இருக்கிற ஒருத்தர தொறந்து பாக்கச் சொல்லுங்க, 11.00ன்னு காட்டணும்.

ஸ்டுட்கார்ட்_பனி | அக். 12, இரவு 10.30

எனக்கு அனுப்புங்கோ, பாத்துச் சொல்லுறன்.

பழைய மாணவி | அக். 13, காலை 10.00

மேடம், வெள்ளிக்கிழமையும் சாப்பாடு 1லேந்து 1.45தானா? எங்க பேட்ச்ல 3 பேர் ஜும்மாவுக்குப் போவாங்க. போயிட்டு வந்தா சாப்பாடு தீந்திருக்கும், இல்லாட்டி க்ளாஸ் தொடங்கியிருக்கும். அவங்களா வாயத் தொறந்து கேக்க மாட்டாங்க.

காவிரிக்கரை | அக். 13, மாலை 5.30

இது என் கண்ணுல படவே இல்ல. பக்கத்துப் பள்ளிவாசல்ல விசாரிச்சேன், 12.45க்குத் தொடங்கி 1.30க்குள்ள முடிஞ்சிடுமாம். வெள்ளி மட்டும் இடைவேளை 12.30 – 2.00னு வச்சு, மெஸ்ல 2 மணி வரைக்கும் பரிமாறச் சொல்லிட்டேன். முக்கால் மணி பாடம் போகுது, போகட்டும்.

காவிரிக்கரை | அக். 15, இரவு 7.00

இன்னிக்கு அனுப்பிட்டேன். 20ம் தேதி தீபாவளி, அந்த வாரம் அனுப்பினா யாரும் மெயிலத் தொறக்க மாட்டாங்க. வெளிக் காலேஜ்காரங்க ஓ.டி. லெட்டர் வாங்கணும், அதுக்கும் ரெண்டு வாரம் வேணும். படமா போடாம மெயில்லயே எழுத்தா போட்டேன், வாட்ஸப்புக்கு அப்படியே எடுத்து ஒட்டலாம். சப்ஜெக்ட்ல "அஜெண்டா, 15 அக்டோபர்"னு தேதியும் போட்டேன், மாத்தினா தேதியும் மாறும், எது கடைசின்னு தெரியும். முதல் நாள் இப்படிப் போச்சு:

புதன், 29 அக்டோபர், 2வது மாடி லேப்
காலை 8.30 லேப் திறப்பு, இன்ஸ்டால் ஆகாதவர்களுக்கு உதவி
காலை 9.15 வகுப்பு ஆரம்பம், ஷெல்
10.30 – 10.50 டீ
10.50 – 12.00 ஷெல்
12.00 – 12.30 தொடக்க விழா
12.30 – 1.30 சாப்பாடு
1.30 – 2.45 ஷெல்
2.45 – 3.30 கைப்பயிற்சி, விட்டதைப் பிடிக்க
3.30 – 4.15 ஆன்லைன் உரை (ஜெர்மனி நேரம் 11.00)
மாலை 4.15 முடிவு, 4.30க்கு காலேஜ் பஸ்

தடிச்ச எழுத்துல இருக்கிற நேரம் மாறாது, மத்தது வகுப்போட வேகத்தப் பொறுத்து மாறலாம்னு மேலயே எழுதிட்டேன். பழைய மாணவி சொன்ன அதே 4 நேரம்தான்.

லேப்_அண்ணன் | அக். 16, காலை 8.40

2.45 – 3.30 வெறும் கைப்பயிற்சின்னு விட்டது நல்லது, காலைல இழுத்தது அதுல கரையும். ஒண்ணு விட்டுப் போச்சு. வடகிழக்குப் பருவமழை நேரம். விடியகாலைல கலெக்டர் லீவு விட்டுட்டா என்ன பண்ணுவீங்க? காரைக்குடிலேந்து வர்றவங்க 6 மணிக்கே பஸ் ஏறியிருப்பாங்க. எத்தன மணிக்குள்ள, எந்த குரூப்ல சொல்லுவீங்கன்னு ஒரு வரி போடுங்க.

காவிரிக்கரை | அக். 16, காலை 9.20

போடறேன். "லீவு அறிவிப்பு வந்தால் குழுவில் உடனே செய்தி வரும், முந்தைய நாள் இரவே கனமழை எச்சரிக்கை இருந்தால் வெளியூர்க்காரர்கள் கிளம்பும் முன் குழுவைப் பார்க்கவும், ஒரு நாள் போனால் அதை சனிக்கிழமை நடத்துவோம்." சனிக்கிழமைக்கு லேப் கேட்டு வாங்கிட்டேன்.

காவிரிக்கரை | அக். 26, இரவு 9.00

ஸ்க்ரீன்ஷாட் 40ல 33 வந்திருக்கு. அதுல 9ல "Python was not found"ன்னு இருக்கு, ஆனா அவங்க அனகோண்டா போட்டாச்சுன்னு சத்தியம் பண்றாங்க. என்ன பண்ண?

லேப்_அண்ணன் | அக். 26, இரவு 9.25

அவங்க பொய் சொல்லல. விண்டோஸ்ல அனகோண்டா இன்ஸ்டாலர் சாதாரணமா, கமாண்ட எங்க தேடணும்னு விண்டோஸ் வச்சிருக்கிற PATH பட்டியல்ல தன்ன சேத்துக்காது. அவங்க சாதா கமாண்ட் ப்ராம்ப்ட்ல அடிச்சிருப்பாங்க, அங்க பைத்தான் இல்லன்னுதான் வரும், சில நேரம் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் தொறக்கும். ஸ்டார்ட் மெனுல Anaconda Prompt தொறந்து அதுல அடிக்கச் சொல்லுங்க. எந்த விண்டோல அடிக்கணும்னு நான்தான் முதல்லயே உங்களுக்குச் சொல்லியிருக்கணும், விட்டுட்டேன்.

காவிரிக்கரை | அக். 27, காலை 11.10

9ல 8 பேருக்கு சரியாச்சு. மிச்சப் பேருக்கு 8.30 லேப். "எது மாறியிருக்கு"ன்னு 2 வரி மட்டும் வச்சு திரும்ப ஒரு மெயில் அனுப்பியிருக்கேன்.

காவிரிக்கரை | அக். 29, இரவு 9.45

முதல் நாள் முடிஞ்சுது. விருந்தினர் 12.20க்கு வந்தார். அது வரைக்கும் பசங்க அடிச்சிக்கிட்டே இருந்தாங்க, யாரும் வாசலப் பாக்கல. விழா 1 மணிக்கு முடிஞ்சுது, சாப்பாடு 12.30ன்னு தடிச்ச எழுத்துல போட்டுட்டு அரை மணி தள்ளிப் போச்சு. அத எல்லார் முன்னாடியும் சொல்லி வருத்தம் தெரிவிச்சேன். சாப்பாட்டுக்கு முழு ஒரு மணி நேரம் குடுத்து 2 மணிக்கு வகுப்பு தொடங்கினேன், கைப்பயிற்சி நேரத்துலேந்து அரை மணி எடுத்துக்கிட்டேன்.

3.28க்கு ஜெர்மனி மேடம் ஸ்க்ரீன்ல வந்தாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

பழைய மாணவி | அக். 29, இரவு 10.20

அடுத்த தடவ விழாவுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவுல கொஞ்சம் பாடம் இருக்கட்டும் மேடம். 11.30க்கு விழா, அப்புறம் அரை மணி பாடம், அப்புறம் சாப்பாடு. விழா இழுத்தா பாடம்தான் குறையும்.

தேரடித்தெரு | அக். 30, காலை 7.15

இத நான் எடுத்துக்கறேன், அடுத்த மாசம் எங்க பயிற்சிக்கு. ஒரே வரி அஜெண்டா போதும்னு சொன்னேன்ல, 4 நேரம் போடறேன். ஆனா தலைப்புகள நேரம் போட்டு எழுதறதுக்கு இப்பவும் எனக்கு மனசு வரல. "1.30 ஷெல்"னு போட்டா ஷெல் தெரிஞ்சவன் 1.30க்கு வராம 2.45க்கு வருவான்.

லேப்_அண்ணன் | அக். 30, இரவு 8.30

அப்படி வர்றவங்க உண்டு, மறுக்கல. ஆனா தலைப்பே இல்லாட்டி கைடுகிட்ட பர்மிஷன் கேக்கறப்ப அவங்களால காரணம் சொல்ல முடியாது. நான் தலைப்பு போடுவேன்.

காவிரிக்கரை | அக். 31, இரவு 8.50

கிட் பாதிதான் ஓடுச்சு. ப்ரான்ச், மெர்ஜ் தொடவே இல்ல, கமிட்டும் புஷ்ஷும் மட்டும். கேட்டுப் பாத்தேன், 26 பேர் இன்னொரு சனிக்கிழமை வர்றோம்னாங்க. ஜும்மாவுக்குப் போனவங்க 1.40க்கு வந்து நிதானமா சாப்பிட்டாங்க. நிறைவு விழா 3.30க்கு, சர்டிபிகேட்ட மத்தியானமே கையெழுத்து வாங்கி வச்சிருந்தேன், 4.05க்கு கடைசி ஆள் வாங்கிட்டார். காரைக்குடி பஸ் 4.40க்கு, அதுல போற 2 பேரும் ஏறிட்டோம்னு மெசேஜ் போட்டாங்க.

சனிக்கிழமைக்கு தேதி முடிவானதும் அஜெண்டாவ இங்க போடறேன்.